97.6 கேட்ட இறுதித் தேர்வு

சராசரி 75 வர இறுதித் தேர்வில் 97.6% வேண்டும் என்று என் கணக்குத்தாள் மூன்று நாளாகச் சொன்னது. எடைகள் ஒப்படைப்பு 20%, இடைத்தேர்வு 30%, இறுதி 50%. கூட்டினால் சரியாக 100. சூத்திரத்தைத் திரும்ப எழுதியும் அதே விடைதான்.

அப்புறம்தான் கவனித்தேன்: ஒப்படைப்பில் நான் எழுதிய 32, நாற்பதுக்கு வாங்கியது! சதவீதமாக்கினால் 80. இடைத்தேர்வில் நூற்றுக்கு 66. ஆக, கையில் இருப்பது 16 + 19.8 = 35.8.

```
(75 - 35.8) / 0.50 = 78.4
```

அப்பாடா! ஆனால் இதுவும் சதவீதம்தான். இறுதித் தாள் 80 மதிப்பெண்ணுக்கு, 78.4% என்றால் 62.72. இதை மேல்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும். 62 போட்டுப் பார்த்தால் சராசரி 74.55, 63 போட்டால் 75.175.