உடைந்த டிஸ்ப்ளே: போட்டோவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் என் கடை வாட்ஸ்அப்புக்கு உடைந்த போன்களின் படங்கள் வர ஆரம்பித்துவிடும். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, இதை மாத்த எவ்வளவு ஆகும்?" மாடலைச் சொன்னால் டிஸ்ப்ளே விலையைச் சொல்லிவிடுவேன். ஆனால் அந்தப் பணத்தைப் போடலாமா வேண்டாமா என்பது போட்டோவில் தெரியாது.

போன வருஷம் கோடநாடு பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் படம் அனுப்பினார். இடது பக்கக் கீழ் மூலையில் சின்ன விரிசல், மற்றபடி திரை தெளிவு. 14,000 ரூபாய்க்கு வாங்கி மூன்று வருஷம் ஆன போன். டிஸ்ப்ளே 3,000 ரூபாய் என்றேன், வாங்கி வைக்கச் சொன்னார். நல்லவேளை, கோயமுத்தூரில் அன்று ஸ்டாக் இல்லை. இரண்டு நாள் கழித்து நேரில் வந்தபோது போன் தானாகவே எதையெதையோ திறந்துகொண்டிருந்தது. கண்ணாடி உடைந்ததால்தான் டச் போய்விட்டது என்று அவர் நினைத்தார். படத்தை மட்டும் பார்த்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

சிம் ட்ரேயை வெளியே எடுத்து உள்ளே டார்ச் அடித்தேன். நிறைய மாடல்களில் அங்கே ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். இதில் சிவந்திருந்தது. பின்மூடியைத் திறந்தால் டிஸ்ப்ளே கனெக்டரில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. டிஸ்ப்ளேயிலிருந்து போர்டுக்குப் போகும் ஃப்ளெக்ஸ் என்கிற மெல்லிய பட்டை வயர் பெரும்பாலும் கீழ் விளிம்பில்தான் மடங்கி உள்ளே போகிறது. அதனால் மேல் மூலை விரிசலைவிடக் கீழ் மூலை விரிசலுக்கு நான் அதிகம் பயப்படுவேன். போனை வாங்கும்போது தண்ணீர் தாங்கும் என்று சொல்லியிருந்தாலும், கண்ணாடியில் விரிசல் விழுந்த பிறகு அதை நம்பக் கூடாது.

அடுத்து, கடையிலிருந்த வேறொரு டிஸ்ப்ளேயை ஒட்டாமல் கனெக்டரில் மட்டும் மாட்டிப் பார்த்தேன். அதிலும் டச் தானாகவே ஓடியது. அப்படியென்றால் கோளாறு போர்டு பக்கம். பிரஷ்ஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுச் சுத்தம் செய்ததும் டச் சரியானது, ஆனால் சார்ஜ் விட்டுவிட்டுத்தான் ஏறியது. அதே மாடல் பழைய போன் 5,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. டிஸ்ப்ளேக்கு 3,000, சுத்தம் செய்ததற்கு 500, அதற்கு மேல் சார்ஜ் கோளாறுக்கு என்ன ஆகுமோ! வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படங்களையும் நம்பர்களையும் எடுத்துக்கொண்டு வேறு போன் வாங்கினார். தண்ணீர் போகாமல் கண்ணாடி மட்டும் உடைந்திருந்தால், அதே 3,000 ரூபாய்க்குத் தயங்காமல் மாற்றச் சொல்லியிருப்பேன்.

எந்தக் கடைக்குப் போனாலும் "ஒட்டுறதுக்கு முன்னாடி மாட்டி டச் காட்டுங்க" என்று கேளுங்கள். ஒட்டிய பிறகு கழற்றினால் புது டிஸ்ப்ளேயே உடையலாம்.

படம் அனுப்பும்போது சிலர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார்கள். திரையில் எத்தனை கோடு, எவ்வளவு கறுப்பு இருந்தாலும் ஸ்கிரீன்ஷாட்டில் ஒன்றும் விழாது. வேறு போனில்தான் எடுக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியோடு ஒன்று, திரையை அணைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று. மேலே ஒட்டிய டெம்பர் கிளாஸ் மட்டும் உடைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதற்காகவே பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு.

டச்சைப் பார்க்க, ஒரு ஆப் ஐகானை அழுத்திப் பிடித்துத் திரை முழுக்க மெதுவாக இழுங்கள். செத்துப்போன இடம் வந்ததும் ஐகான் விரலைவிட்டு நழுவிவிடும். அதற்கு முன் திரையையும் விரலையும் துடைத்துவிட வேண்டும், மிஸ்ட்டில் நனைந்த திரை நல்ல போனிலும் கண்டபடி ஓடும். சார்ஜ் போடும்போது மட்டும் டச் தானாக ஓடினால், முதலில் சார்ஜரை மாற்றிப் பாருங்கள்.

டச் ஆடும் போனை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். திரும்ப வந்ததும் விரல்ரேகை போதாது, பின் நம்பர் கேட்கும். அதை அடிக்க முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் பேக்கப் எடுங்கள். டச் சுத்தமாகப் போய்விட்டால் சார்ஜ் துளையில் ஓடிஜி முனையைச் செருகி, அதில் கம்ப்யூட்டர் மவுஸை மாட்டினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அம்புக்குறி வந்துவிடும்.

ஆனால் தண்ணீர் போயிருக்கிறது என்று தெரிந்தால் பேக்கப்புக்குக்கூடக் காத்திருக்காமல் அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள். அரிசிக்குள் போட்டு மூன்று நாள் வைப்பது வேண்டவே வேண்டாம். கனெக்டரில் ஏறிய பச்சையை அரிசி எடுக்காது, அந்த மூன்று நாளும் அது வளர்ந்துகொண்டுதான் இருக்கும். இங்கே மழை நாளில் துவைத்த துணியே வாரக்கணக்கில் காயாது, மூடிய போனுக்குள் இருக்கும் ஈரம் எப்படிக் காயும்? அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பேட்டரி உப்பிவிடலாம். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள், பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுத்துவிடுங்கள். டிஸ்ப்ளே விலையை அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.