மருதமுனைத் தறியைப் படம்பிடிக்கும்போது செய்யக்கூடாதவை

கிழக்கிலங்கையின் மருதமுனைக் கைத்தறியைப் பற்றி ஒரு சின்ன ஆவணப்படம் எடுக்க வருபவர்கள் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, மட்டக்களப்பில் கல்முனை பஸ் ஏறி வந்து, மாலைக்குள் முடித்துவிடப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடா தறியில் ஓடுவதையே நாள் முழுக்க எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், இரண்டு மணி நேர வீடியோவில் இருந்தது ஒரே ஒரு வேலை.

நெசவு என்பது தறியில் நடப்பது மட்டுமல்ல. நூலுக்குச் சாயம் போட்டுக் காயவைக்க வேண்டும், சுற்ற வேண்டும், நீளவாட்டு இழைகளைப் பாவாக ஓட்ட வேண்டும், ஒவ்வொரு இழையையும் சீப்புப் போன்ற அச்சுக்குள் கோக்க வேண்டும். ஒரு பாவில் பல சாறிகள் நெய்யலாம். அதனால் பாவு ஓட்டுவதும் கோப்பதும் தினமும் நடக்காது. பழைய பாவு முடிகிற நேரத்தில்தான் அவற்றைப் பார்க்க முடியும்.

விட்டதைப் பிடிக்க மூன்று வாரம் கழித்துத் திரும்பிப் போனேன். புதுப் பாவு ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அது மெரூன். முதல் நாள் எடுத்த சாறி நீலம். மெரூன் நூலைக் கோத்து நீலச் சாறி நெய்வதாக எந்த எடிட்டிங்காலும் காட்ட முடியாது. இந்தத் தவறு இல்லாமல் இருக்க, கெமரா இல்லாமல் முதலில் ஒருமுறை போய், “காக்கா, இந்தப் பாவு எப்ப முடியும்? அடுத்தது என்ன நிறம்?” என்று கேளுங்கள். அந்த அடுத்த பாவுதான் உங்கள் படம். சாயம் போடும் நாள், பாவு ஓட்டும் நாள், கோக்கும் நாள், நெசவின் நடுவில் ஒரு நாள், துணியை வெட்டி இறக்கும் நாள் என ஐந்து தடவை, தடவைக்குச் சில மணி நேரம் போனால் போதும். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தைத் தொடவேண்டாம்.

இடையில் வைக்கும் காட்சிகளில் எல்லோரும் நாடாவையே துரத்துவார்கள். அது கண்ணில் நிற்காத வேகத்தில் போகும். உண்மையில் கால் மிதியை அழுத்துகிறது, இழைகள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன, வலக்கை கயிற்றை இழுக்கிறது, நாடா பாய்கிறது, இடக்கை அச்சை இழுத்து அடிக்கிறது. இந்த ஐந்தையும் தனித்தனியாக, கெமராவை அசைக்காமல், தலா பத்து வினாடி எடுங்கள். அப்புறம் முகம், அறை முழுவதும். தறியின் ஒரே பக்கத்தில் நின்று எடுங்கள். பக்கம் மாறினால் நாடா திடீரென எதிர்த்திசையில் ஓடுவதுபோலத் தெரியும். டியூப் லைட் வெளிச்சத்தில் படம் துடித்தால், வினாடிக்கு 25 பிரேமும் 1/50 ஷட்டரும் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இது பெரும்பாலும் சரியாகிவிடும்.

நேர்காணலைத் தறிக்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள். நெசவாளர் நிறுத்தினாலும் அடுத்த வீட்டுத் தறி நிற்காது. சத்தமில்லாத உள்அறையில், சட்டையில் மைக் குத்தி உட்கார வையுங்கள். தறிச் சத்தத்தை மட்டும் தனியாக இரண்டு நிமிடம் பதிந்து வைத்தால், எடிட்டிங்கில் பேச்சுக்கு அடியில் மெதுவாகப் போடலாம்.

கேள்விகளில்தான் எனக்கு மிகவும் மனம் வலிக்கிற தவறு நடக்கிறது. “இந்தத் தொழில் அழிஞ்சுகொண்டு வருதா?” என்று கேட்டால், “ஓம்” என்ற ஒரு சொல்தான் வரும், அதுவும் நீங்கள் வாயில் வைத்த சொல். பதிலாக, “இழை அறுந்தா எப்படித் தெரியும்?”, “இந்தச் சாறிக்கு நூல் எங்க வாங்கினீங்க, நெய்து முடிஞ்சா யார் எடுப்பாங்க?”, “உங்களுக்கு முதல் முடிச்சுப் போடக் காட்டித் தந்தது யார்?” என்று கேளுங்கள். கேள்வியின் சொல்லையும் சேர்த்துப் பதில் சொல்லச் சொன்னால், படத்தில் உங்கள் குரல் தேவைப்படாது. பதில் முடிந்த பிறகும் சில வினாடி பேசாமல் இருங்கள். நல்ல பேச்சு பல தடவை அங்கேதான் வரும்.

2004 சுனாமியை முதல் கேள்வியாக வைக்கவே வேண்டாம். இந்த ஊர் அன்று உறவுகளையும் இழந்தது, தறிகளையும் இழந்தது. அவர்களாகச் சொல்ல வந்தால் கேளுங்கள். பின்னர், அதைப் படத்தில் வைக்கலாமா என்று கெமராவை அணைத்துவிட்டுக் கேளுங்கள். வீட்டுக்குள் நூல் சுற்றும் பெண்களிடமும் முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும். முகம் வேண்டாம் என்றால், கையையும் சுற்றும் நூலையும் எடுத்தாலே அந்த வேலை விளங்கும்.

கட்டமைப்புக்கு ஊரின் வரலாற்றில் தொடங்கி விளக்கவுரை எழுதாதீர்கள். அந்த ஒரு பாவே கதையாகட்டும். ஓடும் தறியில் ஓர் இழை அறுந்து நெசவாளர் முடிச்சுப் போடுவதில் தொடங்கலாம். பிறகு சாயம் போட்ட நாளுக்குப் பின்னோக்கிப் போய், பாவு, கோப்பு என்று நடந்து, அதே முடிச்சுக்குத் திரும்பி வரலாம். பத்து நிமிடப் படத்தில் கோப்பதற்கு மட்டும் ஒன்றரை நிமிடம் கொடுங்கள். ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக எடுக்கும் பொறுமை வெட்டி வெட்டிக் காட்டினால் தெரியாது. கடைசிக் காட்சிக்கு, வெட்டி இறக்கிய சாறியை அவர் மடிப்பதை எடுங்கள். மடிக்கும்போது அந்த முடிச்சு இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தால், கெமராவை நிறுத்தாதீர்கள்.