ரிலே போட்டும் பற்றரி இறங்குவது ஏன்? சூடாகும் கைப்பிடி பொருத்துவதில் நேரும் தவறுகள்

கொழும்பின் வெயிலில் மோட்டார் சைக்கிளுக்குச் சூடாகும் கைப்பிடி எதற்கு என்று கேட்பவர்கள், அதிகாலையில் ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறிப் பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். அந்தப் பயணத்துக்காக அதையும் யூ.எஸ்.பி. சொக்கெற்றையும் சேர்த்துப் பொருத்துவோர் பலரிடம், ரிலே இருந்தால் பற்றரிக்கு ஆபத்தில்லை என்ற நம்பிக்கை காணப்படுகிறது. முதல் தவறு இதுதான். ரிலே, சாவியை மூடியதும் இணைப்பைத் துண்டிக்கிறது. சாவிச் சுவிட்சின் மெல்லிய வயர்களில் பெரிய மின்னோட்டம் பாயாமலும் காக்கிறது. இல்லாத மின்சாரத்தை அது உண்டாக்குவதில்லை.

36 வோட் கைப்பிடி 12 வோல்ட்டில் 3 அம்பியர் எடுக்கும். 15 வோட் தரும் சொக்கெற், மாற்றத்தில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, ஏறத்தாழ ஒன்றரை அம்பியர் எடுக்கும். மொத்தம் நாலரை அம்பியர். 150 சீசீ வண்டியின் 5 அம்பியர்-மணிப் பற்றரி, எஞ்சின் நின்றிருக்கையில் இதை ஒரு மணி நேரம் தாங்குவதே கடினம். ஸ்டார்ட்டரைச் சுற்றும் வலுவை அதற்கு வெகு முன்பே இழந்துவிடும். எஞ்சின் ஓடினாலும், காலி வீதி நெரிசலில் ஐடிலில் நிற்கும்போது மின்னாக்கி குறைவாகவே தரும். ஆகவே ஹெட்லைட்டையும் கைப்பிடியையும் முழுமையாகப் போட்டு, ஐடிலில் பற்றரி முனைகளை மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள். 12.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பற்றரியே சுமையைத் தாங்குகிறது என்று பொருள். நகருக்குள் கைப்பிடியை அணைத்து வைப்பதே வழி.

இரண்டாவது தவறு பியூஸில் நேர்வது. பியூஸ் காப்பது முதன்மையாக வயரைத்தான். அடிக்கடி எரிகிறதே என்று 20 அம்பியர் பியூஸைப் போட்டால், உராய்ந்து வண்டியின் உடலோடு தொட்ட வயர், பியூஸ் எரியும் முன்பே தீப்பிடிக்கக்கூடும். மேற்சொன்ன சுமைக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயரும் 7.5 அம்பியர் பியூஸும் போதும். சொக்கெற்றின் வயர் அதைவிட மெல்லியதாக இருந்தால், அந்தக் கிளைக்கு 3 அம்பியர் பியூஸ் ஒன்றைத் தனியே வையுங்கள். பிரதான பியூஸ், பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கும் பற்றரிக்கும் இடையிலுள்ள வயரைக் காக்க வேறெதுவும் இல்லை.

பஞ்சிகாவத்தையில் வாங்கும் ரிலேக்கள் பலவற்றில் ஐந்து முனைகள் இருக்கும். பியூஸிலிருந்து வரும் வயர் 30க்கும், கைப்பிடிக்கும் சொக்கெற்றுக்கும் செல்வது 87க்கும் உரியவை. 85இல் ஒரு எர்த் வயரும், 86இல் சாவி திறந்தால் மட்டும் 12 வோல்ட் டிசி கிடைக்கும் ஒரு வயரும் சேர வேண்டும். பின்விளக்கு வயர் இதற்குப் பெரும்பாலும் பொருந்தும், ஆனால் சில பழைய வண்டிகளில் விளக்குகள் ஏசியில் எரிவதால், முதலில் அளந்து பார்ப்பது நல்லது. அவசரத்தில் 87க்குப் பதிலாக 87a என்ற முனையில் சொருகிவிட்டால் எல்லாம் தலைகீழாகும்: சாவியைத் திறந்தால் சொக்கெற் அணையும், மூடினால் உயிர் பெற்று இரவு முழுவதும் பற்றரியை உறிஞ்சும். சாவியை எடுத்த பின்னும் சொக்கெற்றின் சிறு விளக்கு எரிந்தால், சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் இந்த முனைதான்.