தஞ்சாவூர் ஓவியம் வீடியோ: ரேக் ஒட்டினதும் படம் இருட்டான கதை

பலகைல ஸ்கெட்ச்ல ஆரம்பிச்சு கல்லு, புடைப்பா பூசுற மக்கு பசை, மெல்லிசான தங்கத் தகடான ரேக், கலர்னு ஒவ்வொரு கட்டத்துலயும் போன்ல எடுத்த 40 போட்டோவ வீடியோவா சேர்த்தா, ரேக் ஒட்டின இடத்துலேர்ந்து கிருஷ்ணர் முகம் திடீர்னு கருத்துப் போச்சு, படமும் ஆடுச்சு. ரேக் பளபளக்கறதால ஆட்டோ மோட் வெளிச்சத்த தானே குறைச்சிடுது, அதான் காரணம்.

அடுத்த பலகைக்கு ப்ரோ மோட்ல ISO 100, ஷட்டர் 1/30, ஒயிட் பேலன்ஸ் 5000K-ன்னு வச்சு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டேன், ஜன்னல மூடிட்டு ஒரே லைட்ட பக்கவாட்டுல வச்சேன், எதிர்ல வச்சா ரேக் வெள்ளையா வெடிச்சிடும். பலகையோட நாலு மூலைக்கும் டேபிள்ல டேப் ஒட்டினேன், ஸ்டாண்ட் காலுக்கும்தான். வீடியோல ஒரு போட்டோவுக்கு அரை செகண்ட், ரேக் கட்டத்து போட்டோவுக்கு மட்டும் ஒரு செகண்ட் குடுத்தேன், இப்ப மக்கு மேல தங்கம் ஏறுறது அழகா தெரியுது.