மான்சூன் மலபார் காப்பிக் கொட்டையை வீட்டில் வறுப்பது: நிறத்தை நம்பாதீர்கள்

முதல் தடவை வறுக்காத இந்தப் பச்சைக் காப்பிக் கொட்டையைக் கையில் எடுத்தபோது, கெட்டுப்போன சரக்கை அனுப்பிவிட்டார்களோ என்றுதான் நினைத்தேன். வழக்கமான பச்சைக் கொட்டை பச்சையும் சாம்பலுமாகக் கெட்டியாக இருக்கும், இதுவோ வைக்கோல் நிறத்தில் உப்பி, மோந்து பார்த்தால் பழைய சாக்கு வாசம். கெடவில்லை, அதன் குணமே அதுதான்.

பழத்தோடு உலர்த்தித் தோல் நீக்கிய கொட்டையை ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் சில அங்குல உயரத்துக்குப் பரப்பிக் கிளறிவிடுகிறார்கள். பிறகு சாக்குகளில் தளர்வாகக் கட்டி, நடுவில் காற்று போய்வர இடம் விட்டு அடுக்குவார்கள், அவ்வப்போது கொட்டி மறுபடி கட்டுவார்கள். மழை படக்கூடாது, தென்மேற்குக் காற்று மட்டும் படவேண்டும். அந்த ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கொட்டை ஊதிப்போகிறது, புளிப்பு ஏறக்குறைய போய்விடுகிறது. பாய்மரக் கப்பலில் மாதக்கணக்காக ஐரோப்பாவுக்குப் போன கொட்டைக்குத் தானாக நடந்ததைத்தான் இப்படி வேண்டுமென்றே செய்கிறார்கள். 2008இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சரி, வறுப்போம். 100 கிராம் போதும். கனமான இரும்புச் சட்டி, மரக்கரண்டி, ஜன்னல் பக்கத்து அடுப்பு. பாப்கார்ன் இயந்திரம் வேண்டாம், இந்த லேசான கொட்டை சீக்கிரம் பறந்து வெளியே விழும்.

சட்டியை மிதமாகச் சூடாக்கிக் கொட்டையைப் போட்டு, கை எடுக்காமல் கிளறுங்கள். இங்கேதான் நான் சறுக்கினேன். கொட்டை முதலிலேயே மஞ்சள் நிறம் என்பதால், பச்சை மஞ்சளாகும் கட்டம் கண்ணுக்குத் தெரியாது. சூடு ஏறிக் கொட்டை படபடவென்று வெடிக்கும் முதல் வெடிப்பும் சத்தமாக இருக்காது, அடுப்பு இரைச்சலில் நான் அதைத் தவறவிட்டு, பழுப்பு வந்ததும் இறக்கிவிட்டேன். குடித்தால் நனைந்த கோணியைக் கடித்த மாதிரி இருந்தது. அடுத்த முறை தீயைக் கூட்டினேன், மேலே கரி, உள்ளே வெளுப்பு.

இப்போது மூக்கையும் தராசையும்தான் நம்புகிறேன். சாக்கு வாசம் போய் ரொட்டி சுடும் வாசம் வரும், அப்புறம் மெல்லிய வெடிப்பு. அது அடங்கியபின் ஒன்றரை நிமிடம் போல விட்டு, மேலே எண்ணெய் மினுக்கு தெரியுமுன் இறக்குங்கள். ஆறவைத்து, உமியை முறத்தில் புடைத்து நிறுத்தால் எனக்கு 83 கிராம் நிற்கிறது. 87, 88 நின்றால் வறுபடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்து அரையுங்கள்.

பில்டரில் சிக்கரி இல்லாமல் போட்டாலே டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கும், மண்வாசமும் கசப்புச் சாக்லேட்டும் பாலிலும் அடங்காது. புளிப்புக் காப்பி வயிற்றுக்கும் வாய்க்கும் ஒத்துவராதவர்களுக்கு இது பிடிக்கும். பழ வாசம், எலுமிச்சைப் புளிப்பு தேடுபவர்கள் காசை வீணாக்க வேண்டாம்.

பிற்சேர்க்கை: வாங்கிய கொட்டையில் பூசணமா என்று ஒருவர் கேட்டிருந்தார். முழுக்க ஒரே மாதிரி வெளிறியிருந்தால் சரி. பச்சையாகவோ கறுப்பாகவோ திட்டுத் திட்டாகப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் அது பூசணம், வறுக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.