தையல் வீடியோவுக்கு விளக்கக் குறிப்பும் நேரக்குறிகளும் எழுதுவது எப்படி?

தையல் வீடியோவை ஒருவர் இரண்டு முறை பார்க்கிறார். முதல் முறை பார்ப்பது, இந்த பிளவுஸ் நம்மால் தைக்க முடியுமா என்று தெரிந்துகொள்ள. இரண்டாம் முறை திறக்கும்போது துணி தரையில் விரிந்திருக்கும், கையில் சாக்பீஸ் இருக்கும். அப்போது அவருக்கு முழு வீடியோவும் வேண்டாம். கைக்குழி வளைவை எங்கே தொடங்கினார்கள், டார்ட் எத்தனை இஞ்ச் உயரம் என்பது மட்டும் உடனே தெரிய வேண்டும். வீடியோவுக்குக் கீழே நாம் எழுதும் விளக்கக் குறிப்பு இந்த இரண்டாம் முறைக்கானது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எதை எழுதுவது, எதை விடுவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

யூடியூபில் போடும் ஒரு லைனிங் பிளவுஸ் வீடியோவை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மார்புச் சுற்றளவு 36 இஞ்ச், வீடியோவின் நீளம் சுமார் 26 நிமிடம்.

முதலில் வீடியோவை முடித்துவிடுங்கள்

எடிட்டிங் முழுவதும் முடிந்த பிறகே நேரக்குறிகளை எழுத வேண்டும். நடுவில் பத்து விநாடியை வெட்டினால், அதற்குப் பின் வரும் எல்லா நேரங்களும் பத்து விநாடி பிசகிவிடும். வீடியோவைப் பதிவேற்றும்போது Private என்று வைத்துவிட்டு, பார்வையாளர் பார்க்கும் அதே பக்கத்தில் நீங்களே ஒருமுறை ஓடவிட்டு நேரங்களைக் குறித்துக்கொள்வது நல்லது. ஒரு தாளும் பேனாவும் போதும்.

முதல் இரண்டு வரிகள்

கைபேசியில் விளக்கக் குறிப்பின் தொடக்கம் மட்டுமே முதலில் தெரியும். மீதியைப் பார்க்க அழுத்தித் திறக்க வேண்டும். "வணக்கம் நண்பர்களே, நம் சேனலுக்கு வரவேற்கிறோம்" என்று தொடங்கினால் அந்த இடம் முழுவதும் வாழ்த்துக்கே போய்விடுகிறது. எந்த வகை பிளவுஸ், எந்த அளவு, எவ்வளவு துணி ஆகிய மூன்றும் அங்கே வந்துவிட வேண்டும். துணிக்கடையில் நிற்கும் ஒருவருக்கு இந்த இரண்டு வரிகளே பயன்படும்.

அளவுகளை எழுத்தில் கொடுங்கள்

தையல் சேனல்களின் குறிப்புகளில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான், எனக்கு வருத்தம் தருவதும் இதுதான். வீடியோவில் வாயால் சொல்லும் அளவு காதில் சரியாக விழாமல் போகலாம். ஆறரை என்று சொன்னது ஏழரை என்று கேட்டால் கழுத்து ஒரு இஞ்ச் இறங்கிவிடும், வெட்டிய துணியை ஒட்ட முடியாது. எனவே வரைவதற்குப் பயன்படுத்திய எல்லா அளவுகளையும் வரிசையாக எழுதுங்கள்.

அப்படி எழுதும்போது இரண்டு செய்திகளைத் தவறாமல் சேர்க்க வேண்டும். ஒன்று, 36 என்பது உடலில் டேப் வைத்து எடுத்த அளவா, தைத்த அளவு பிளவுஸை விரித்து எடுத்த அளவா என்பது. தைத்த பிளவுஸில் தளர்வு ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதை உடல் அளவு என்று நினைத்து மறுபடியும் தளர்வு சேர்த்தால் பிளவுஸ் தொளதொளவென்று வந்துவிடும். இரண்டாவது, தையலுக்கு விடும் துணி இந்த அளவுகளில் சேர்ந்திருக்கிறதா என்பது. உயரம் 14 இஞ்ச் என்று மட்டும் எழுதினால், மடிப்புக்கும் தோள் தையலுக்கும் சேர்த்தா, தனியா என்று பார்ப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கும்.

நேரக்குறிகள்: யூடியூபின் விதிகள்

குறிப்பில் எழுதிய நேரங்களை யூடியூப் அத்தியாயங்களாக மாற்றிக் காட்ட வேண்டுமானால் சில விதிகள் உண்டு. முதல் நேரம் 00:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று நேரக்குறிகள் வேண்டும், அவை ஏறுவரிசையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியும் குறைந்தது 10 விநாடி நீளம் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், நேரங்கள் நீல நிறத்தில் அழுத்தக்கூடியவையாகத் தெரியும், ஆனால் வீடியோவின் ஓட்டக் கோடு பகுதிகளாகப் பிரியாது. கோடு பிரியவில்லை என்றால் இந்த விதிகளைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு அடிக்கடி நேரும் ஒரு சிக்கல் புள்ளி. நாம் நேரத்தை 5.10 என்று எழுதிப் பழகியவர்கள். யூடியூபுக்கு அது நேரம் அல்ல, வெறும் எண். 05:10 என்று முக்காற்புள்ளி வைத்துத்தான் எழுத வேண்டும். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் வீடியோ என்றால் 1:02:15 என்ற வடிவம். நேரம் வரியின் தொடக்கத்தில் வரட்டும், ஒரு வரிக்கு ஒரு நேரம் மட்டும் இருக்கட்டும்.

எங்கே பிரிப்பது?

விதிகளைவிட இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். தைப்பவரின் கை எங்கே நின்று அடுத்த வேலைக்குப் போகிறதோ, அங்கே பிரியுங்கள். பின்பாகம் வரைந்து முடித்ததும் தாளை எடுத்து வைக்கிறார், அது ஓர் இடம். டார்ட் தைத்ததும் முன்பாகத்தை ஒதுக்கிவிட்டு ஹூக் பட்டிக்குத் துணி எடுக்கிறார், அது இன்னோர் இடம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்துப் பிரித்தால் கழுத்துப் பைப்பிங் பாதியில் உடைந்து நிற்கும்.

எல்லாப் பகுதியும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டியதில்லை. துணி வெட்டுவது ஒன்றரை நிமிடத்தில் முடியலாம், கை இணைப்பது நான்கு நிமிடம் ஆகலாம். ஆனால் கை இணைப்பது போல மறுபடி மறுபடி பார்க்கப்படும் வேலையைப் "பிளவுஸ் தைத்தல்" என்ற பெரிய பகுதிக்குள் புதைத்துவிடாதீர்கள். கேள்விகள் அதிகம் வரும் வேலைக்குத் தனிப் பெயரும் தனி நேரமும் கொடுங்கள்.

நேரத்தைப் பேச்சு தொடங்கும் விநாடிக்கு ஒன்றிரண்டு விநாடி முன்னால் வையுங்கள். "இப்போது கைக்குழி" என்று சொல்லும் இடம் 06:14 என்றால் 06:12 என்று குறியுங்கள். இல்லாவிட்டால் அழுத்திய உடனே பாதிச் சொல்லில் ஒலி தொடங்கும்.

பகுதியின் பெயரில், அதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் சொல் முதலில் வர வேண்டும். கைபேசித் திரையில் நீண்ட பெயர் வெட்டப்படும். "பேப்பரில் வரைதல் – பின்பாகம்", "பேப்பரில் வரைதல் – முன்பாகம்" என்று வைத்தால் இரண்டும் "பேப்பரில் வரைதல்" என்றே தெரியும். "பின்பாகம் வரைதல்" என்று மாற்றினால் குழப்பமில்லை.

இணைப்புகள்

மூன்று இணைப்புகள் போதும். அளவு எடுப்பதைச் சொல்லும் முந்தைய பாடம், பேட்டர்ன் கோப்பு, பிளவுஸ் பாடங்களின் முழு வரிசை. ஒவ்வோர் இணைப்புக்கும் முன்னால் அது எதற்கு என்று ஒரு வரி எழுதுங்கள். இணைப்பு https:// என்று தொடங்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் இடைவெளி விடுங்கள், இறுதியில் முற்றுப்புள்ளியை ஒட்டி வைக்காதீர்கள்.

முந்தைய வீடியோவின் இணைப்பை நகலெடுக்கும்போது அதன் இறுதியில் t=312 போல ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதை நீக்கிவிடுங்கள். இருந்தால் அந்தப் பாடம் ஐந்தாம் நிமிடத்திலிருந்து தொடங்கும். ஒரு குறிப்பிட்ட இடத்துக்கே அனுப்ப விரும்பினால் இதையே பயன்படுத்திக்கொள்ளலாம், நேரத்தை விநாடிகளில் எழுத வேண்டும்.

பேட்டர்னை கூகுள் டிரைவில் வைப்பவர்கள் பகிர்வு அமைப்பில் Anyone with the link என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் கணக்கில் உங்களுக்கு அது எப்போதும் திறக்கும் என்பதால், இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். பேட்டர்னை 100 சதவீத அளவில் அச்சிட வேண்டும் என்பதையும் இணைப்புக்கு அருகிலேயே எழுதுங்கள். பக்கத்துக்குப் பொருந்துமாறு அச்சு இயந்திரம் சுருக்கிவிட்டால் எல்லா அளவும் குறைந்துவிடும். கோப்பில் 2 இஞ்ச் சதுரம் ஒன்றை வரைந்து வைத்தால், அச்சிட்டவர் டேப் வைத்துச் சரிபார்த்துவிட்டுத் துணியைத் தொடலாம்.

புதிய சேனல்களில் வெளித்தளங்களுக்கான இணைப்பு அழுத்த முடியாத வெறும் எழுத்தாக நிற்கலாம். யூடியூப் ஸ்டுடியோவில் Settings, Channel, Feature eligibility என்று சென்று Advanced features திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷார்ட்ஸ் வீடியோக்களின் குறிப்பில் இணைப்பு அழுத்தக்கூடியதாக இருக்காது, 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து இதுதான் நிலை.

கத்தரிக்கோல், தையல் இயந்திரம் போன்றவற்றுக்குக் கமிஷன் கிடைக்கும் இணைப்பு கொடுத்தால், அதன் வழியாக வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் வரும் என்பதை அந்த இணைப்பின் மேலேயே எழுதிவிடுங்கள். பார்ப்பவர் உங்கள் சொல்லை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்.

முழுக் குறிப்பும் சேர்ந்தால்

```
லைனிங் பிளவுஸ், மார்பு 36 இஞ்ச்: வரைவது முதல் தைப்பது வரை.
பிளவுஸ் துணி 1 மீட்டர், காட்டன் லைனிங் 1 மீட்டர்.

அளவுகள் (உடல் அளவு, தையலுக்கு விடும் துணி தனி):
உயரம் 14 | தோள் 14 | மார்பு 36 | இடுப்பு 30
முன்கழுத்து 6.5 | பின்கழுத்து 8
கை நீளம் 6 | கைச் சுற்றளவு 11

00:00 தைத்து முடித்த பிளவுஸ்
00:48 துணியும் அளவுகளும்
02:35 பின்பாகம் வரைதல்
05:10 முன்பாகம் வரைதல்
07:24 டார்ட் குறித்தல்
09:02 கை வரைதல்
11:30 துணி, லைனிங் வெட்டுதல்
13:05 டார்ட் தைத்தல்
15:20 ஹூக் பட்டி
17:48 கழுத்துப் பைப்பிங்
20:36 கை இணைத்தல்
24:32 பக்கத் தையல்

அளவு எடுப்பது எப்படி:
https://youtu.be/VIDEO_ID
பேட்டர்ன் (100% அளவில் அச்சிடவும்):
https://drive.google.com/file/d/FILE_ID/view
எல்லா பிளவுஸ் பாடங்களும்:
https://www.youtube.com/playlist?list=LIST_ID

#தையல் #லைனிங்பிளவுஸ் #பிளவுஸ்கட்டிங்
```

VIDEO_ID, FILE_ID, LIST_ID என்ற இடங்களில் உங்கள் இணைப்புகளின் எழுத்துகள் வரும். குறிப்பின் மொத்த வரம்பு 5000 எழுத்துகள் என்பதால் இடப் பஞ்சம் வராது. < > ஆகிய இரண்டு குறிகளையும் யூடியூப் ஏற்காது, எனவே "தோள் -> கை" என்று அம்புக்குறி போட்டு எழுத வேண்டாம். ஹேஷ்டேக்குகள் மூன்று போதும், அறுபதைத் தாண்டினால் யூடியூப் எல்லாவற்றையுமே புறக்கணித்துவிடும்.

சேமித்த பிறகு கைபேசியில் வீடியோவைத் திறந்து ஒவ்வொரு நேரத்தையும் அழுத்திப் பாருங்கள். முதல் ஒன்பதும் சரியாக வந்து, பைப்பிங்கிலிருந்து எல்லாம் ஒரே அளவு தள்ளிப் போயிருந்தால், இடையில் எங்கோ ஒரு துண்டு வெட்டப்பட்டிருக்கிறது. அந்த வித்தியாசத்தை, வெட்டிய இடத்துக்குப் பின் வரும் நேரங்களில் மட்டும் கழித்துவிடுங்கள். வெளியிட்ட பின் ஸ்டுடியோவின் எடிட்டரில் வீடியோவைச் சுருக்கினாலும் இதே வேலை மறுபடி வரும்.

அடுத்த வீடியோவுக்கு எல்லாவற்றையும் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. ஸ்டுடியோவில் Settings, Upload defaults என்ற இடத்தில், மாறாத வரிகளைச் சேமித்து வைக்கலாம். பாட வரிசையின் இணைப்பும் அச்சிடும் அறிவுரையும் அங்கே இருக்கட்டும். அளவுகளையும் நேரங்களையும் அங்கே வைக்காதீர்கள். பழைய 36 அளவு, 40 அளவு பிளவுஸ் வீடியோவின் கீழே அப்படியே நின்றுவிட்டால் யாராவது அதை நம்பித் துணியை வெட்டிவிடுவார்கள்.