பெரியவர்களின் வட்டம் சுருங்கும்போது நாம் தவறாகப் படிக்கும் இடங்கள்

"அப்பா முன்ன மாதிரி இல்லை. விசேஷத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார். கூட வேலை பார்த்தவர்கள் போன் செய்தால் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறார். பேத்தியிடம் மட்டும் ஒரு மணி நேரம் பேசுகிறார்." வயதான பெற்றோர் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. சொல்பவர்களும் கேட்பவர்களும் முதல் மூன்று வாக்கியங்களுக்குத்தான் கவலைப்படுகிறார்கள். நான்காவது வாக்கியத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சுருங்குவதை விலகுவதாக நினைப்பது

ஒரு காலத்தில் ஆய்வாளர்களே அப்படித்தான் நினைத்தார்கள். 1961-இல் எலைன் கம்மிங், வில்லியம் ஹென்றி இருவரும் முன்வைத்த விலகல் கோட்பாடு, வயதாக ஆக மனிதரும் சமூகமும் ஒருவரை ஒருவர் மெல்ல விட்டு விலகுவது இயல்பு என்றது. எதிர்த்தரப்பு, எவ்வளவு பேருடன் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறோமோ முதுமை அவ்வளவு நல்லது என்றது. இந்த இரண்டும் பொருந்தாத ஒரு விஷயத்தை 1990-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் எடுத்துச் சொன்னார். பெரியவர்கள் எல்லோரையும் விட்டு விலகவில்லை. சிலரை விடுகிறார்கள், சிலரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். இதற்குச் சமூக-உணர்வுத் தேர்வுக் கோட்பாடு என்று பெயர்.

பெர்லினில் 70 முதல் 104 வயது வரை உள்ளவர்களிடம் ஃப்ரீடர் லாங்கும் கார்ஸ்டென்சனும் செய்த ஆய்வில் இது நன்றாகத் தெரிந்தது. மிக முதியவர்களின் மொத்த உறவு வட்டம், அந்தக் குழுவிலேயே இளையவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் மிக நெருக்கமானவர்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. குறைந்ததெல்லாம் வெளி ஓரத்தில் இருந்தவர்கள்.

காரணம் வயது என்று நினைப்பது

இது கொஞ்சம் நுட்பமான தவறு. "வயசானால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் இந்தக் கோட்பாட்டின் மையமே வயது அல்ல, மீதி இருக்கும் காலம் எவ்வளவு என்று ஒருவருக்கு மனதில் படுகிறதோ அதுதான்.

பார்பரா ஃப்ரெட்ரிக்சனும் கார்ஸ்டென்சனும் 1990-இல் ஒரு எளிய கேள்வியை வைத்து இதைச் சோதித்தார்கள். உங்களுக்கு அரை மணி நேரம் ஓய்வு கிடைத்திருக்கிறது, வேறு அவசர வேலை இல்லை. மூன்று பேரில் ஒருவருடன் கழிக்கலாம்: குடும்பத்தில் நெருங்கிய ஒருவர்; நீங்கள் இப்போதுதான் படித்து முடித்த புத்தகத்தை எழுதியவர்; சமீபத்தில் அறிமுகமாகி, உங்களுக்கும் அவருக்கும் நிறைய ஒத்துப்போகும் போல இருக்கும் ஒருவர். பெரியவர்களில் பெரும்பாலானோர் குடும்பத்தவரைத் தேர்ந்தார்கள். இளையவர்களிடம் அப்படி ஒரே பக்கச் சாய்வு இல்லை.

அப்புறம் கேள்வியில் ஒரு வரி சேர்த்தார்கள். நீங்கள் சீக்கிரமே நாட்டின் இன்னொரு கோடிக்குத் தனியாகக் குடிபெயரப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே இளையவர்களும் குடும்பத்தவர் பக்கம் சாய்ந்தார்கள். பின்னால் ஹெலன் ஃபங் குழுவினர் எதிர்த்திசையில் சோதித்தார்கள். புதிய மருத்துவக் கண்டுபிடிப்பால் நீங்கள் எதிர்பார்த்ததைவிட இருபது வருடம் கூடுதலாக, நல்ல ஆரோக்கியத்தோடு வாழப்போகிறீர்கள் என்று சொன்னதும், பெரியவர்களிடம் இருந்த அந்தச் சாய்வு மறைந்துவிட்டது.

கற்பனையில் மட்டும் இல்லை, நிஜத்திலும் இது நடந்தது. 1997-இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டது; அங்கிருந்தவர்களுக்கு ஒரு காலம் முடியப்போகிறது என்ற உணர்வைத் தந்த நிகழ்வு அது. ஒரு வருடம் முன்பு கேட்டபோது பெரியவர்கள்தான் நெருங்கியவர்களைத் தேர்ந்தார்கள். இரண்டு மாதம் இருக்கும்போது இளையவர்களும் அதையே செய்தார்கள். ஒப்படைப்பு முடிந்து ஒரு வருடம் ஆனதும் இளையவர்கள் பழையபடி மாறிவிட்டார்கள்.

ஏன் இப்படி? காலம் நீண்டு கிடக்கிறது என்று தோன்றும்போது மனிதர் பின்னால் பலன் தரும் விஷயங்களைத் தேடுகிறார். புது அறிமுகங்கள், புதுத் தகவல்கள் எல்லாம் அதற்குத்தான். போரடிக்கும் ஆளையும் 'என்றாவது உதவும்' என்று சகித்துக்கொள்வார். காலம் குறுகியது என்று பட்டுவிட்டால் அந்த 'என்றாவது' மதிப்பிழந்துவிடுகிறது. இப்போது, இந்த மாலையில், யாருடன் இருந்தால் மனசுக்கு நிறைவு என்பதே முக்கியமாகிறது. வயதுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பது, வயது கூடினால் மீதிக் காலம் பெரும்பாலும் குறையும் என்பதால்தான்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. உகாண்டாவில் இருபது வருடத்துக்கு மேல் கவனிக்கப்பட்ட காட்டுச் சிம்பன்ஸி ஆண்களும் வயதானபோது, பதிலுக்குப் பதில் நட்பு காட்டும் துணைகளோடு அதிகம் ஒட்டிக்கொண்டதாக 2020-இல் ஒரு ஆய்வு வந்தது. சிம்பன்ஸி தன் மீதி ஆயுளை எண்ணிப் பார்க்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே மீதிக் காலம் பற்றிய உணர்வு மட்டுமே முழு விளக்கம் என்று அடித்துப் பேசுவதும் தவறுதான்.

தலைகளை எண்ணுவது

வீட்டில் அதிகம் நடக்கும் தவறு இது. "முன்னே எத்தனை பேர் வந்து போவார்கள், இப்போது நாலு பேர்தான்" என்று மொத்தத்தை வைத்து முடிவு கட்டுவது. மொத்தம் பல நேரங்களில் பொய் சொல்லும்.

இதை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முறை வீட்டிலேயே செய்யக்கூடியது. ஒரு தாளில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் போட்டு, நடுவில் 'நான்' என்று எழுத வேண்டும். உள்வட்டத்தில், இவர் இல்லாமல் வாழ்வதை நினைத்தே பார்க்க முடியாது என்பவர்கள். அடுத்ததில், அந்த அளவு இல்லாவிட்டாலும் முக்கியமானவர்கள். வெளிவட்டத்தில், அவ்வளவு நெருக்கம் இல்லை, ஆனாலும் பட்டியலில் இருக்க வேண்டியவர்கள். கான், ஆன்டனூச்சி என்ற இரு ஆய்வாளர்கள் 1980-இல் விவரித்த படம் இது.

இப்போது 76 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்வோம். பத்து வருடம் முன்பு அவருடைய உள்வட்டத்தில் 4 பேர், நடுவில் 8, வெளியில் 15. மொத்தம் 27. இன்று 4, 5, 4, அதாவது 13. பாதிக்குமேல் போய்விட்டது. மகன் பதறுகிறான். ஆனால் யார் யார் போனார்கள் என்று பெயர் பெயராகப் பார்த்தால் வேறு கதை. வெளிவட்டத்தில் போன 11 பேரில் பெரும்பாலோர் பழைய அலுவலகக் குழுவினர்; அவராகவே வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே வந்தார். நடுவட்டத்தில் ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் தூரத்துக்குப் போய்விட்டார், எப்போதும் குறை சொல்லும் ஒருவரிடம் இவரே பேச்சைக் குறைத்துக்கொண்டார். உள்வட்டத்து நால்வரும் அப்படியே இருக்கிறார்கள். அவர்களிடம் பேசிவிட்டு வைக்கும்போது முகத்தில் தெளிவு இருக்கிறது. இது பெரும்பகுதி அவரே செய்துகொண்ட தேர்வு.

அதே வயதில் இன்னொருவர். அவருக்கும் அன்று 4, 8, 15. இன்று 2, 5, 11. மொத்தம் 18. எண்ணிக்கையில் இவர் முன்னவரைவிடத் தேவலை. ஆனால் உள்வட்டத்தில் கணவர் இறந்துவிட்டார். அக்காவுக்குக் காது மந்தமாகி, போனில் பேசுவது நின்றேபோனது. வெளிவட்டத்து 11 பேர் இன்னும் வந்து போகிறார்கள், இவருக்கோ மாலை நேரம் தாங்கவில்லை. கவலைப்பட வேண்டியது இவரைப் பற்றித்தான். வீட்டுக்கு ஆள் வந்து போவதைப் பார்த்து, இவருக்கு ஒன்றும் குறை இல்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள்.

ஆகவே பார்க்க வேண்டியவை: எந்த வட்டத்திலிருந்து ஆள் போனார், பேச்சை நிறுத்தியது யார், உள்வட்டத்தோடு பேசும் ஆசை இன்னும் இருக்கிறதா. நெருங்கியவர்களிடம்கூடப் பேச விருப்பம் இல்லாமல் போனால் அதைத் 'தேர்வு' என்று சொல்லிச் சமாதானப்படக் கூடாது. மனச்சோர்வோ காது, நினைவுக் குறைபாடோ இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம் அது.

முதலாமவரை முதியோர் மன்றத்தில் வற்புறுத்திச் சேர்ப்பது வெளிவட்டத்தை ஊதிப் பெரிதாக்கும் வேலை. அவர் வேண்டாம் என்று விட்டதையே திருப்பிக் கொடுக்கிறோம். இரண்டாமவருக்கும் முதல் மருந்து அது இல்லை. அக்காவுக்குக் காது கருவி வாங்கித் தருவதோ, வீடியோ அழைப்புக்கு ஏற்பாடு செய்வதோ, மாதம் ஒருமுறை நேரில் கூட்டிப்போவதோ உள்வட்டத்தில் ஒரு இடத்தை மீட்டுத் தரும். நடுவட்டத்து ஐவரில் ஒருவர் இன்னும் நெருங்கி வர வாய்ப்பு உண்டா என்று பார்ப்பதும் பயன் தரும். முற்றிலும் புதிய முகங்கள் அதற்கு அடுத்துதான்.

நிறைவு என்றால் எப்போதும் சந்தோஷம் என்று எண்ணுவது

கார்ஸ்டென்சன் குழுவினர் 18 முதல் 94 வயது வரை உள்ளவர்களிடம் பேஜர் கொடுத்து, ஒரு வாரம், தினமும் ஐந்து முறை, அந்த நொடியில் என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். வயது கூடியவர்களுக்கு எதிர்மறை உணர்வுகள் அடிக்கடி வரவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் மகிழ்ச்சியும் வருத்தமும் கலந்து வருவது அவர்களிடம் அதிகம் இருந்தது. பேத்தியோடு சிரித்துப் பேசும்போதே கண் கலங்கினால் 'ஏன் இப்போது அழுகிறீர்கள்' என்று தடுக்கத் தேவையில்லை.

இன்னொன்று, இந்த நிம்மதி பெரும்பாலும் சண்டைகளையும் சங்கடங்களையும் முன்கூட்டியே தவிர்ப்பதால் கிடைப்பது. தவிர்க்கவே முடியாத நெருக்கடி வந்தால், உதாரணமாகப் படுத்த படுக்கையான துணையை மாதக்கணக்கில் கவனிக்க நேர்ந்தால், வயது தரும் இந்த அனுகூலம் குறைந்துவிடும் என்று சூசன் சார்லஸ் காட்டியிருக்கிறார். உடம்பு படபடத்தால் அடங்க வயதானவர்களுக்கு அதிக நேரம் பிடிக்கும். 'அம்மா எதையும் தாங்குவாள்' என்று அவர் தலையிலேயே கட்டிவிடுவது ஆபத்து.

நல்லதை மட்டும் பார்ப்பதை மறதி என்று நினைப்பது

உணர்வு நிறைவைத் தேடும் மனம் கவனத்தையும் அந்தப் பக்கம் திருப்புகிறது. படங்களைக் காட்டிப் பிறகு நினைவுகூரச் சொன்னால், பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பவற்றில் இனிமையான படங்களின் பங்கு இளையவர்களைவிடக் கூடுதலாக இருக்கும். சாதாரண நாட்களில் இதனால் கெடுதல் இல்லை. மருத்துவரையோ காப்பீட்டுத் திட்டத்தையோ தேர்ந்தெடுக்கும்போதுதான் சிக்கல். 2007-இல் லாக்கன்ஹாஃப், கார்ஸ்டென்சன் செய்த சோதனையில் பெரியவர்கள் சாதகமான தகவல்களையே அதிகம் படித்தார்கள். ஆனால் 'தகவல்களிலும் விவரங்களிலும் கவனம் வையுங்கள்' என்று இடையிடையே நினைவூட்டியபோது இளையவர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த வித்தியாசம் போய்விட்டது.

அதனால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச உட்காரும்போது, "உங்களுக்கு எது சரி என்று படுகிறது?" என்று ஆரம்பிக்காமல், "இதில் என்னென்ன சிக்கல் வரலாம் என்று போட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். முடிவை அதன் பிறகு கேட்கலாம்.